காலை ஏழு மணிக் குறிப்பு

பெரிய வைத்தியசாலை ஒன்றின் வார்டு வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். இரவு முழுவதும் விழித்த தாதிமார் மேசையின் ஒரு பக்கம் நிற்பார்கள். குளித்து முழுகி அப்பொழுதுதான் வந்த தாதிமார் மறுபக்கம் நிற்பார்கள். நடுவே ஒரு தடித்த புத்தகம் விரிந்திருக்கும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். இதற்குக் கையளிப்பு என்று பெயர். இரவு ஏழு மணி தொடக்கம் காலை ஏழு மணி வரை, பன்னிரண்டு மணி நேரம் ஒருவர் கையில் இருந்த உயிர்கள், அந்த மேசையருகே இன்னொருவர் கைக்கு மாறுகின்றன.

கணக்கொன்று போட்டுப் பாருங்கள். வார்டில் 30 கட்டில்கள். கையளிப்புக்குக் கிடைப்பதோ 25 நிமிடம். ஒரு நோயாளிக்கு 50 விநாடிதான் வரும். பன்னிரண்டு மணி நேரத்துச் செய்தியை 50 விநாடிக்குள் அடக்க வேண்டும். எதை முதலிற் சொல்வது, எதை விடுவது என்பது இங்கே வெறும் எழுத்துநடைப் பிரச்சினை அன்று. அதை நான் எப்படி மீண்டும் ஒருமுறை உணர்ந்தேன் என்பதையே இவ்வாரம் எழுத விரும்புகிறேன்.

என் தங்கையின் மகள் தாதிப் பயிற்சியின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். சென்ற மாதம் இரண்டு நாள் விடுமுறையில் வந்தவள் முகத்திற் களையே இல்லை. தேநீர் கொடுத்துக் கதை கேட்டேன். தான் எழுதிய கையளிப்புக் குறிப்பொன்றை வார்டுச் சகோதரி திருப்பித் தந்து, "இதைப் புதிதாக எழுதிக்கொண்டு வாரும். அடுத்த முறை கடமைக்கு வரும்பொழுது எனக்குக் காட்டும்" என்று சொல்லிவிட்டாராம்.

"ஒன்றையும் விடாமல் எழுதினேன், பெரியம்மா. ஒரு பொய்யும் எழுதவில்லை. அப்படியிருக்க ஏன் திருப்பித் தந்தார் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது; அதனால்தான் நித்திரை வரவில்லை" என்றாள்.

நான் முப்பது வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். குறிப்பைச் சொல்லும்படி கேட்டேன். நோயாளியின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, கட்டில் இலக்கத்தையும் மாற்றி, அப்பியாசக் கொப்பியில் எழுதிக் காட்டினாள். நோயாளியின் பெயர் வார்டின் கதவைத் தாண்டக் கூடாது என்பது அவள் கற்ற முதற் பாடம். அவள் ஆங்கிலத்தில் எழுதியதை நான் தமிழில் தருகிறேன்:

"11ஆம் கட்டில். வயது 58. நேற்றுப் பிற்பகல் சத்திர சிகிச்சை முடிந்து மாலை 6.30க்கு வார்டுக்கு வந்தார். நீரிழிவு உள்ளவர். வந்தபொழுது மயக்கம் முற்றாகத் தெளியவில்லை. மகள் 8 மணி வரை உடனிருந்தார். 10 மணிக்கு நாடி 84, இரத்த அழுத்தம் 124/76. வடிகுழாய்ப் பையில் 40 மி.லீ. வலியென்று சொன்னதால் 11 மணிக்கும் 3 மணிக்கும் மோர்பின் ஊசி போடப்பட்டது. வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது. பல தடவை தண்ணீர் கேட்டார், உதடு நனைத்துவிடப்பட்டது. 2 மணிக்கு நாடி 96, இரத்த அழுத்தம் 120/76, சர்க்கரை 168. நித்திரை குறைவு, மகளின் விவாகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். உடம்பு துடைத்து விரிப்பு மாற்றப்பட்டது. 5 மணிக்குச் சிறுநீர் குறைவு. டாக்டருக்கு அறிவிக்கப்பட்டது. சேலைன் கொடுக்கப்பட்டது. இரத்தம் எடுத்து அனுப்பப்பட்டது. 6 மணிக்கு நாடி 116, இரத்த அழுத்தம் 106/70, சர்க்கரை 182. வடிகுழாய்ப் பை வெறுமையாக்கப்பட்டது, 220 மி.லீ. 8 மணிக்கு ஊசி உண்டு. மருந்து ஒவ்வாமை உண்டு. மற்றும்படி நிலை நன்று."

வாசகர்கள் இதனை மறுபடியும் ஒருமுறை வாசித்துப் பார்க்கவும். உழைப்புள்ள குறிப்பு, அன்புள்ள குறிப்பும்கூட. உதடு நனைத்ததும், மகளின் கலியாணக் கவலையைக் கேட்டதும் நல்ல தாதியின் அடையாளங்கள். ஆனால் இக்குறிப்பு கடிகாரத்தைப் பின்பற்றிப் போகிறது. எழுதியவளுக்கு இரவு எப்படி நடந்ததோ அப்படியே ஓடுகிறது. கேட்பவளோ இரவை வாழப்போவதில்லை. அவள் காலை ஏழு மணியில் நிற்கிறாள். அவளுக்கு வேண்டியவை மூன்றே விடயங்கள். இந்த நோயாளி இப்பொழுது எப்படி இருக்கிறார்? நான் என்ன செய்ய வேண்டும், எப்பொழுது? எதற்கு அஞ்ச வேண்டும்?

"வா பிள்ளை, இந்த மூன்று கேள்விக்கும் உன் குறிப்பு என்ன விடை சொல்கிறது, பார்ப்போம்" என்று கொப்பியின் புதிய பக்கத்தைத் திருப்பினேன்.

முதலாவது கேள்வி. "இப்பொழுது எப்படி இருக்கிறார்?"

"நிலை நன்று என்று எழுதினேனே" என்று அவள் வாய் தொடங்கியது. ஆனால் வசனம் முடியவில்லை.

நாடியை ஒரு வரிசையாக எழுதச் சொன்னேன். இரவு 10 மணிக்கு 84. 2 மணிக்கு 96. 5 மணிக்கு, குறிப்பில் விட்டுவிட்டாலும், கண்காணிப்புத் தாளில் இருந்ததாம், 108. 6 மணிக்கு 116. அதன் கீழே சிறுநீரை எழுதினாள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தபடியால் மணித்தியாலக் கணக்கு இருந்தது. 45, 35, 20, 15 மி.லீ. அந்த அம்மாளின் நிறை 50 கிலோ. வளர்ந்தவர் ஒருவருக்கு, கிலோ ஒன்றுக்கு மணிக்கு அரை மி.லீ.யாவது சிறுநீர் வரவேண்டும் என்பது வார்டுகளில் வழங்கும் கணக்கு. அதாவது இவருக்கு மணிக்கு 25 மி.லீ. ஐந்து மணிக்கே அந்தக் கோட்டிற்குக் கீழே போய்விட்டார். மூன்றாவது வரிசை, மேல் இரத்த அழுத்தம்: 124, 120, 112, 106.

"வடிகுழாய்ப் பையில் வந்தது என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"10 மணிக்கு இளஞ்சிவப்பு. காலையில் நல்ல சிவப்பு, பெரியம்மா."

அந்த நிறம் குறிப்பில் இல்லை. 220 என்ற எண் மாத்திரம், விரிப்பு மாற்றியதைப் போன்ற ஒரு வேலையாக, "பை வெறுமையாக்கப்பட்டது" என்று நிற்கிறது.

உடம்புக்குள்ளே இரத்தம் கசியும்பொழுது நடப்பது இதுதான். குறைந்துபோன இரத்தத்தை எல்லா இடத்துக்கும் அனுப்புவதற்கு இருதயம் விரைந்து அடிக்கிறது, நாடி ஏறுகிறது. கைகால்களுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்கள் ஒடுங்குகின்றன; சிறுநீர் குறைகிறது. இந்த இரண்டு உபாயங்களாலும் உடம்பு இரத்த அழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கிறது. ஆகையால் அழுத்தம் பெரிதும் விழும்வரை காத்திருப்பவர் பிந்திவிடுவார். 106/70 என்ற எண்ணைத் தனியே பார்த்தால் எத்தனையோ சுகதேகிகளின் எண் அது. 124இலிருந்து இறங்கி வந்த 106 என்று பார்க்கும்பொழுதுதான் அது பேசுகிறது. தண்ணீர் தாகமும் நித்திரையின்மையும் அப்படியே. வாயால் எதுவும் கொடாத நோயாளி தாகம் கொள்வதும், வலியுள்ளவர் புரண்டு படுப்பதும் இயல்புதான். ஆனால் ஏறும் நாடிக்கும் குறையும் சிறுநீருக்கும் பக்கத்தில் வைத்தால், அவையும் சாட்சிகளாகி விடுகின்றன.

மூன்று வரிசையையும் எழுதி முடித்தவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "எல்லாம் என் குறிப்பிலேயே இருந்தது" என்றாள்.

இருந்தது, ஆனால் சிதறி இருந்தது. நாடி 84க்கும் 116க்கும் நடுவே மகளின் கலியாணம், விரிப்பு, மோர்பின், சர்க்கரை எல்லாம் வந்து புகுந்துகொண்டன. கேட்பவள் 50 விநாடிக்குள் அவற்றை விலக்கி, இரு நுனிகளையும் முடிச்சுப் போட வேண்டியிருந்தது. காலை ஏழு மணிக்கு, இன்னும் இருபது பேரின் கதையைக் கேட்கக் காத்திருக்கும் ஒருத்தியால் அது இயலாது.

இரண்டாவது கேள்வி. "என்னென்ன பாக்கி இருக்கிறது?"

"டாக்டருக்கு அறிவிக்கப்பட்டது" என்ற வாக்கியத்தின் மேல் விரலை வைத்தேன். வைத்தியசாலைக் குறிப்புகளில் இதைப்போல் ஏமாற்றும் வாக்கியம் வேறில்லை. காரியம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை அது கேட்பவர் மனத்தில் உண்டாக்கிவிடும். எந்த டாக்டருக்கு, எத்தனை மணிக்கு, என்ன சொல்லப்பட்டது, அவர் என்ன சொன்னார், அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை? இவ்வைந்தும் இல்லாவிட்டால் அது பாதிச் செய்தி.

கேட்டபொழுது அவள் சொன்னாள். 5.15க்கு வார்டின் இளம் டாக்டருக்குத் தொலைபேசியில் பேசினாள். "சிறுநீர் குறைவு" என்று மாத்திரம் சொன்னாள், நாடியைச் சொல்லவில்லை. அவர் 500 மி.லீ. சேலைனை அரை மணி நேரத்தில் ஏற்றும்படியும், இரத்தம் எடுத்து அனுப்பும்படியும், தாம் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். சேலைன் 5.30 தொடக்கம் 6 மணி வரை ஏறியது. டாக்டர் வரவில்லை, அவசர சிகிச்சைப் பகுதியில் வேறொரு நோயாளியோடு நின்றார். இரத்தப் பரிசோதனை முடிவும் வரவில்லை.

ஆகவே பாக்கி இருந்தவை மிகப் பெரியவை. நோயாளியை எந்த டாக்டரும் இன்னும் பார்க்கவில்லை. அரை லீற்றர் சேலைன் ஏறியபின்னும் நாடி 108இலிருந்து 116 ஆயிற்று. அதாவது சிகிச்சை பலிக்கவில்லை. இவை ஒன்றும் குறிப்பில் இல்லை. குறிப்பில் பாக்கி வேலையாக இருந்தது ஒன்றே ஒன்று: "8 மணிக்கு ஊசி உண்டு."

அது என்ன ஊசி என்று கேட்டேன். எனொக்ஸாபரின் என்றாள். எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்று அடித்தது. சத்திர சிகிச்சைக்குப் பின் காலிலே இரத்தம் கட்டிபடாமல் தடுப்பதற்குக் கொடுக்கும் மருந்து அது, நல்ல மருந்து. ஆனால் அதன் வேலையே இரத்தம் உறைவதைத் தடுப்பதுதான். உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று ஐயப்படும் நோயாளிக்கு, டாக்டரைக் கேளாமல் அதைப் போடக் கூடாது. தாதி தானாக மருந்தை நிறுத்திவிட முடியாது. ஆனால் கையை நிறுத்திக்கொண்டு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பாக்கி வேலைகளையும் எச்சரிக்கைகளையும் ஒன்றையொன்று பாராத இரு மூலைகளில் எழுதினால் வரும் ஆபத்து இதுவே. வேலைப் பட்டியலைப் பார்க்கிறவள் ஊசியைப் போடுவாள். எச்சரிக்கை அவள் கண்ணிற் படுவதற்குள் ஊசி ஏறிவிடும்.

மூன்றாவது கேள்வி. "எதற்கு அஞ்ச வேண்டும்?"

"மருந்து ஒவ்வாமை உண்டு" என்றிருந்தது. எந்த மருந்து? பெனிசிலின் என்றாள். என்ன நடந்தது? சில ஆண்டுகளுக்கு முன் மாத்திரை எடுத்தபொழுது தொண்டை வீங்கி மூச்சு முட்டியதாம். அப்படியானால் இரண்டையும் எழுத வேண்டும். சிறிது வயிறு புரட்டியதைக்கூட ஒவ்வாமை என்று சொல்வோர் உளர்; மூச்சு முட்டியது வேறு வகை. இன்னுமொன்று. அமொக்சிசிலின், கோ-அமொக்சிக்ளாவ் என்பனவும் பெனிசிலின் இனத்தவையே. இரண்டாவதன் பெயரைக் கேட்டவுடன் அது பலருக்குத் தோன்றாது. அவசரத்தில் மருந்து மாற்றப்படும் காலை வேளையில், அந்தப் பெயரையும் சேர்த்து எழுதினால் ஒரு வரிதான் கூடும்.

நிற்க. மூன்று விடைகளையும் வைத்துக்கொண்டு, இருவரும் சேர்ந்து குறிப்பைப் புதிதாக எழுதினோம். அது இவ்வாறு வந்தது:

"11ஆம் கட்டில். பெண், வயது 58, நிறை 50 கிலோ. நீரிழிவு. நேற்றுச் சிறுகுடலின் ஒரு பகுதி அகற்றப்பட்டது.

நிலை: மோசமாகி வருகிறார். உள்ளே இரத்தக் கசிவு என ஐயம். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே நாடி 84இலிருந்து 116. இரத்த அழுத்தம் 124/76இலிருந்து 106/70. சிறுநீர் மணிக்கு 45 மி.லீ.யிலிருந்து 15, வடிகுழாயில் 10 மணிக்கு 40 மி.லீ. இளஞ்சிவப்பு, அதன்பின் 6 மணிக்குள் 220 மி.லீ. சிவப்பு. மூச்சு 24. சேலைன் 500 மி.லீ. 6 மணிக்கு முடிந்தது; முன்னேற்றம் இல்லை.

செய்ய வேண்டியவை: (1) இளம் டாக்டருக்கு 5.15க்கு, சிறுநீர் குறைவு மட்டும் சொல்லப்பட்டது; அவர் இன்னும் பார்க்கவில்லை. மூத்த டாக்டரை இப்பொழுதே அழைக்கவும். (2) 5.30க்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனை முடிவைத் தொலைபேசியிற் கேட்கவும். (3) நாடி, அழுத்தம், மூச்சு 15 நிமிடத்துக்கு ஒருமுறை. சிறுநீர், வடிகுழாய் மணிக்கு ஒருமுறை. (4) 8 மணிக்குச் சர்க்கரை, கடைசியாக 182.

எச்சரிக்கை: 8 மணி எனொக்ஸாபரின் ஊசியை டாக்டரைக் கேளாமற் போட வேண்டாம். பெனிசிலின் ஒவ்வாமை, தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. அமொக்சிசிலினும் கோ-அமொக்சிக்ளாவும் ஆகா. வாயால் எதுவும் இல்லை. கடைசி மோர்பின் 3 மணிக்கு. அடுத்ததற்கு முன் மூச்சும் அழுத்தமும் பார்க்கவும். பொருத்திப் பார்த்த இரத்தம் 2 பை இரத்த வங்கியில் உண்டு."

பழைய குறிப்பை விட இது நீளத்திற் பெரிதும் குறைந்ததன்று. இதை மாணவிகள் கவனிக்க வேண்டும். சுருக்கம் என்பது சொற்களை வெட்டுவது மாத்திரமன்று. விரிப்பு, உடம்பு துடைத்தது, மயக்கம் தெளிந்தது, மகள் எட்டு மணி வரை இருந்தது ஆகியவை போயின. அவற்றுக்குரிய இடம் நோயாளியின் தாள். அவை போன இடத்தில் நிறம், நேரம், டாக்டர் சொன்னது, இரத்த வங்கிப் பை என்பன வந்து அமர்ந்தன. "நிலை நன்று", "குறைவு", "அறிவிக்கப்பட்டது" போன்ற சொற்கள் எண்ணாக அல்லது செயலாக மாறின. இதே வார்டில் சுகமாகி வீட்டுக்குப் போகவிருக்கும் ஒருவருக்கு இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியில் மிச்சம் பிடித்த விநாடிகளையே 11ஆம் கட்டிலுக்குச் செலவழிக்கிறோம்.

ஓர் இடத்தில் அவள் தயங்கினாள். "உள்ளே இரத்தக் கசிவு என ஐயம் என்று நான் எழுதலாமா, பெரியம்மா? நோயைச் சொல்வது டாக்டருடைய வேலை அல்லவா?"

நோய் இதுதான் என்று முடிவு கட்டுவது அவருடைய வேலை. உன் கண் கண்டதை வைத்து உனக்கு எழுந்த ஐயத்தைச் சொல்வது உன் வேலை. ஐயம் என்று எழுதி, அதன் பக்கத்திலேயே எண்களையும் வைத்துவிட்டால், தவறென்றால் திருத்துவதற்கு அவருக்கு வழி இருக்கிறது. ஐயத்தை மறைத்து எண்களை மாத்திரம் சிதறவிட்டால், உன் மனத்தில் ஓடிய நினைவு உன்னோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடும்.

இந்த வரிசை என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் அவசரச் செய்தி சொல்வதற்குப் பழகிய ஒரு முறை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டின் கைசர் பெர்மனென்ரே வைத்தியசாலைகளுக்கு வந்து, பின் உலகமெங்கும் பரவிற்று. நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, என் வேண்டுகோள் என்பதே அதன் வரிசை. மதிப்பீடு என்ற மூன்றாம் படி அதில் இருப்பதற்குக் காரணம், மேலே என் பெறாமகள் கேட்ட கேள்விதான். டாக்டர்களின் கையளிப்புக்கு ஐ-பாஸ் என்ற இன்னொரு முறை உண்டு. நோயின் கடுமையை முதலிலும், கேட்டவர் திருப்பிச் சொல்வதைக் கடைசியிலும் வைக்கும் முறை அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது சிறுவர் வைத்தியப் பகுதிகளில் அதைப் பயிற்றிப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. ஆனால் அங்கே கொடுத்தது வெறும் படிவம் அன்று. பயிற்சியும் மேற்பார்வையும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன. படிவத்தை மாத்திரம் அச்சடித்து மேசையில் வைத்தால் அந்தப் பலன் வரும் என்று எண்ணக் கூடாது.

கேட்டவர் திருப்பிச் சொல்வதென்ற அந்தக் கடைசிப் படியை நம் வார்டுகளில் அதிகம் காண்பதில்லை. குறிப்பை வாசித்து முடித்ததும், "11ஆம் கட்டில், மோசமாகிறார், மூத்த டாக்டரை நான் அழைக்க வேண்டும், 8 மணி ஊசியை நிறுத்திக் கேட்க வேண்டும்" என்று பகல் தாதி தன் வாயாற் சொல்ல வேண்டும். பத்து விநாடி போதும். அவள் "8 மணிக்கு ஊசி போட வேண்டும்" என்று சொல்லிவிட்டால், பிழை காதில் விழுந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும். அதன்பின் இருவருமாகக் கட்டிலருகே போய் வடிகுழாய்ப் பையையும் சிறுநீர்ப் பையையும் சேலைன் ஊசி ஏறிய கையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனபடியால் இரவுத் தாதி பையை 6 மணிக்கு வெறுமையாக்கிவிட்டால், அதன் நிறத்தைச் சொல்லாமல் விடவே கூடாது. வெறும் பை எதையும் காட்டாது.

புதிய குறிப்பை ஆறுதலாக வாசித்துவிட்டு அவளைக் கேட்டேன். "இதை எத்தனை மணிக்கு எழுதியிருக்க முடியும்?"

சிறிது யோசித்தாள். "6 மணிக்கே எழுதியிருக்கலாம், கடைசி எண்கள் அப்பொழுதே இருந்தன."

"அப்படியானால் 7 மணி வரை காத்திருப்பானேன்?"

அவள் பதில் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. "மூத்த டாக்டரை இப்பொழுதே அழைக்கவும்" என்ற வரியை எழுதும் கைதான் முதலில் தொலைபேசியை எடுக்க வேண்டிய கை. அடுத்தவள் வந்து செய்யட்டும் என்று கையளிக்கக் கூடிய வேலை உண்டு; கையளிக்க முடியாத வேலையும் உண்டு. கடிகார வரிசையில் எழுதிய குறிப்பு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. நிலை, வேலை, எச்சரிக்கை என்று வரிசைப்படுத்தினால், கேட்பவளுக்கு விளங்குமுன் எழுதுபவளுக்கே விளங்கிவிடுகிறது. இந்தக் குறிப்பின் முதற் பயன் அதுவென்றே நான் நினைக்கிறேன்.

அந்த அம்மாளுக்கு என்ன நேர்ந்தது என்று வாசகர்கள் கேட்பார்கள். பகல் தாதி கேட்டுக்கொண்டது "8 மணிக்கு ஊசி", "நிலை நன்று" என்ற இரண்டையுந்தான். அவள் ஊசியைத் தட்டில் எடுத்து வைத்தாள். 7.45க்கு வார்டைச் சுற்றி வந்த சகோதரி, ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகப் பையில் மறுபடி நிறைந்திருந்த சிவப்பைக் கண்டு நின்றார். நாடியைப் பிடித்தார்; தட்டை நகர்த்தினார்; மூத்த டாக்டரைத் தாமே அழைத்தார். 9 மணியளவில் நோயாளி மறுபடியும் சத்திர சிகிச்சைக் கூடத்தில் இருந்தார். குடலைத் தாங்கும் மடிப்பில் ஒரு சிறு இரத்தக் குழாயின் கட்டு நழுவியிருந்தது. அதைக் கட்டி, வங்கியிலிருந்த இரண்டு பை இரத்தமும் ஏற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் அவர் தம் காலால் நடந்து வீட்டுக்குப் போனாராம். மகளின் கலியாணத்துக்கு என் பெறாமகளையும் வரச் சொன்னாராம்.

"சகோதரி என்னை ஏசவில்லை, பெரியம்மா. குறிப்பைத் திருப்பித் தந்தார், அவ்வளவுதான்" என்றாள்.

சென்ற வாரம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இப்பொழுது இரவுக் கடமையில் கையளிப்புக் குறிப்பை ஆறரை மணிக்கு எழுதத் தொடங்குவதில்லையாம். நாலு மணிக்கு ஒவ்வொரு கட்டிலுக்கும் முதல் வரியை மாத்திரம் எழுதுகிறாளாம்: முன்பிருந்ததை விட நன்றா, அப்படியேயா, மோசமா? "மோசம்" என்று எழுத நேர்ந்தால் பேனாவை மூடிவிட்டுக் கட்டிலுக்குப் போகிறாளாம். அந்த இரவில் மூன்று கட்டிலுக்கு அப்படிப் போனாளாம். இருவருக்கு ஒன்றுமில்லை. மூன்றாமவருக்குச் சேலைன் ஊசி நரம்பை விட்டு நழுவி, கை வீங்கியிருந்ததாம்.